தண்டர்பேர்டை மறுபடி நிறுவிய பின் வேறு ப்ரொஃபைல் திறக்கிறது: சர்வீஸ் தம்பிக்கு எழுதிய கடிதம்

வரவேற்பு மேசை, மேற்கு மாம்பலம் | புதன், இரவு 9.50

எங்கள் கிளினிக்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு இன்று மாலை நான் எழுதிய கடிதத்தை அப்படியே கீழே தருகிறேன். அவர் குடும்ப விசேஷத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் திரும்புவார். அதுவரை நான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புள்ள தம்பிக்கு,

கடந்த சனிக்கிழமை மாலை நீங்கள் வந்து, மெயில் அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, பழைய தண்டர்பேர்டை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அப்போது டாக்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைத் திறந்து சரிபார்க்க நமக்கு நேரம் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் திறந்தபோது, இதற்குமுன் இந்தக் கணினியில் மெயிலே இருந்ததில்லை என்பதுபோல, பெயரும் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கேட்கும் திரை வந்தது. மறுபடி நிறுவினால் இப்படித்தான் கேட்கும்போலும் என்று எண்ணி, டாக்டரிடம் பாஸ்வேர்டை வாங்கி நானே நிரப்பிவிட்டேன். சற்று நேரத்தில் மெயில்கள் இறங்கத் தொடங்கின. ஆனால் ஏறக்குறைய இரண்டு வாரத்து மெயில்கள் மட்டுமே வந்தன.

நான் 9 ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ‘லேப் ரிப்போர்ட்’, ‘இன்ஷூரன்ஸ்’, ‘தடுப்பூசி நினைவூட்டல்’ ஆகிய ஃபோல்டர்கள் மூன்றும் காணவில்லை. முகவரிப் புத்தகம் காலியாக இருக்கிறது. நேற்று மாலை, வழக்கமாக வரும் ஒரு பெரியவர் ஜனவரி மாதத்துச் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கேட்டு, நான்காக மடித்த மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசை முன் இருபது நிமிடம் நின்றார். நான் தேடிய பெட்டியில் அவர் பெயரில் ஒரு மெயில்கூட இல்லை. லேப்புக்குத் தொலைபேசியில் சொல்லி மறுபடி அனுப்பச் சொன்னேன். அவர்கள் இன்று காலைதான் அனுப்பினார்கள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பழைய மெயில்கள் அழிந்துவிட்டனவா, அல்லது எங்கேயாவது இருந்தும் திறக்க வழி தெரியாமல் நிற்கிறேனா என்பது எனக்குத் தெரியவேண்டும். திங்கள் முதல் இன்றுவரை பதினைந்து மெயில்களுக்கு மேல் பதில் அனுப்பியிருக்கிறேன். நான்கைந்து மெயில்களை அழித்தும் இருக்கிறேன். பழையது கிடைக்கும்போது இந்த மூன்று நாள் வேலை போய்விடக் கூடாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வரவேற்பு மேசையிலிருந்து அக்கா

---

தி.நகர் கணக்கர் | புதன், இரவு 10.15

அம்மா, கவலைப்படவேண்டாம். தண்டர்பேர்டை நீக்கினாலும் மெயில்கள் இருக்கும் ப்ரொஃபைல் என்ற ஃபோல்டர் நீங்குவதில்லை. எங்கள் அலுவலகத்திலும் இதுவே நடந்தது. பழைய ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, புதிய ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் ஒட்டி, மேலெழுதலாமா என்று கேட்கும்போது சம்மதம் கொடுத்துவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது எல்லாம் பழையபடி வந்துவிடும். பத்து நிமிட வேலைதான்.

---

ரிச்சி தெரு பழையவர் | புதன், இரவு 10.40

கணக்கர் சொன்னதில் முதல் பாதி முற்றிலும் சரி. இரண்டாம் பாதியை அம்மா தயவுசெய்து செய்துவிட வேண்டாம். புதிய ப்ரொஃபைலில் ஒன்றுமே இல்லாதபோது அப்படி மேலெழுதினால் பழுதில்லை. இங்கே நிலைமை வேறு. அனுப்பிய மெயில்கள் `Sent` என்ற ஒரே கோப்பில் சேர்ந்திருக்கும். இரண்டு ப்ரொஃபைலிலும் அந்தக் கோப்புக்கு அதே பெயர்தான். பழையதைப் புதியதன்மேல் ஒட்டினால், இந்த மூன்று நாளில் அவர் அனுப்பிய பதில்கள் சுவடில்லாமல் போய்விடும்.

அம்மா, முதலில் இரண்டு விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். தண்டர்பேர்டில் Help என்ற மெனுவில் Troubleshooting Information என்பதைத் திறந்தால், மேலே உள்ள அட்டவணையில் Application Binary என்ற வரியில் நிரல் எந்த இடத்தில் நிறுவப்பட்டிருக்கிறது என்று காட்டும். Profile Folder என்ற வரியில் Open Folder பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இப்போது பயன்பாட்டில் உள்ள ஃபோல்டர் திறக்கும். அங்கிருந்து ஒரு படி மேலே போனால் Profiles என்ற ஃபோல்டருக்குள் எத்தனை ஃபோல்டர்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு அளவு என்று, எதையும் மாற்றாமல், வலது கிளிக் செய்து Properties-இல் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. திங்கட்கிழமை முதன்முதலில் திறந்தபோது, ‘நீங்கள் பழைய பதிப்பைத் திறக்கிறீர்கள், புதிய ப்ரொஃபைல் உருவாக்கவா அல்லது வெளியேறவா’ என்ற பொருளில் ஏதாவது ஆங்கிலப் பெட்டி வந்ததா? பென் டிரைவில் வைத்திருந்த பழைய பதிப்பை யாராவது போட்டிருந்தால் அப்படி வரும். அதன் மருத்துவம் வேறு.

---

மயிலை வாசகி | புதன், இரவு 11.05

எங்கள் பள்ளி அலுவலகத்தில் இதே குழப்பம் வந்தபோது, கடைசியில் விண்டோஸ் லாகின் மாறியிருந்ததுதான் காரணமாக இருந்தது. பழுது பார்த்தவர் தம்முடைய அட்மின் கணக்கில் உள்ளே போய் நிறுவிவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போனார். மெயில்கள் ஒவ்வொரு விண்டோஸ் பயனருக்கும் தனித்தனியாக இருக்குமாதலால், எங்கள் எழுத்தர் கணக்கில் இருந்தவை கண்ணில் படவில்லை. டெஸ்க்டாப்பில் உங்கள் பழைய கோப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

---

பயண அலுவலகம், எழும்பூர் | வியாழன், காலை 7.30

எங்களுக்கும் இதே ப்ரொஃபைல் தொல்லைதான். அவுட்லுக் திறக்கும்போதெல்லாம் முன்பு வேலை பார்த்த மேலாளருடைய ப்ரொஃபைல் திறக்கிறது. கண்ட்ரோல் பேனலில் Mail என்பதற்குள் போய், எப்போதும் இதையே பயன்படுத்து என்று மாற்றியும் சரியாகவில்லை. இந்த அம்மாவும் அங்கேதான் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

---

வரவேற்பு மேசை, மேற்கு மாம்பலம் | வியாழன், காலை 9.20

எழும்பூர் ஐயாவுக்கு: எங்களிடம் அவுட்லுக் இல்லை. மயிலை அம்மா சொன்னபடி பார்த்தேன்; டெஸ்க்டாப்பும் ஸ்கேன் கோப்புகளும் அப்படியே உள்ளன, லாகினும் அதே லாகின்தான். பழையவர் ஐயா கேட்ட ஆங்கிலப் பெட்டி எதுவும் வரவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். நேராகக் கணக்கு விவரம் கேட்கும் திரைதான் வந்தது.

Application Binary வரியில் இப்படி இருக்கிறது:

```
C:\Program Files\Mozilla Thunderbird\thunderbird.exe
```

Profiles ஃபோல்டருக்குள் இரண்டு ஃபோல்டர்கள். `q7m2trwe.default` என்பது 6.2 ஜிபி, அதனுள் இருக்கும் கோப்புகளின் கடைசித் தேதி போன சனிக்கிழமை. `k3v9x0ab.default-release` என்பது 41 எம்பி; அதில் எல்லாமே திங்கட்கிழமைக்குப் பிந்தியவை. 6.2 ஜிபி என்று பார்த்தவுடன்தான் எனக்கு உயிர் வந்தது.

ஒரு படி மேலே `profiles.ini` என்று ஒரு சிறிய கோப்பு இருந்தது. நோட்பேடில் திறந்து, எதையும் மாற்றாமல், நடுவில் உள்ளதை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறேன்.

```
[Profile1]
Name=default
IsRelative=1
Path=Profiles/q7m2trwe.default
Default=1

[InstallD78BF5DD33499EC2]
Default=Profiles/k3v9x0ab.default-release
Locked=1
```

---

தி.நகர் கணக்கர் | வியாழன், காலை 9.45

மேலெழுதுவது பற்றிப் பழையவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எங்களிடம் புதியதில் ஒன்றும் இல்லாததால் பிழைத்தோம். ஆனால் இங்கே எனக்கு ஒன்று புரியவில்லை. பழைய ப்ரொஃபைலுக்கு நேராகத்தானே `Default=1` என்று தெளிவாக எழுதியிருக்கிறது? பிறகு ஏன் புதியது திறக்கிறது? அந்தக் கோப்பு கெட்டுவிட்டதா?

---

ரிச்சி தெரு பழையவர் | வியாழன், காலை 10.30

கோப்பு கெடவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்; நானும் ஒருமுறை அரை நாளை இதில் தொலைத்திருக்கிறேன்.

பழைய காலத்தில் `Default=1` என்று எந்த ப்ரொஃபைலுக்கு இருக்கிறதோ அதுவே திறக்கும். 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து ஏற்பாடு மாறிவிட்டது. ஒரே கணினியில் இரண்டு தண்டர்பேர்டுகள் இரண்டு இடங்களில் நிறுவப்பட்டிருந்தால் அவை ஒரே ப்ரொஃபைலில் கைவைத்துக் குழப்பக் கூடாது என்பதற்காக, நிறுவப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தனி ப்ரொஃபைல் என்று வைத்தார்கள். `Install` என்று தொடங்கும் பகுதியில் உள்ள நீண்ட எண், நிரல் நிறுவப்பட்ட ஃபோல்டரின் முகவரியிலிருந்து கணக்கிடப்படுவது. தண்டர்பேர்டு திறக்கும்போது, தான் இருக்கும் இடத்துக்குரிய `Install` பகுதி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால் அதில் சொல்லியிருக்கும் ப்ரொஃபைல்தான் திறக்கும். வேறு எங்கே `Default=1` இருந்தாலும் அதைப் பொருட்படுத்தாது.

அம்மாவின் கணினியில் நடந்ததை இதிலிருந்து ஊகிக்கலாம். பழைய தண்டர்பேர்டு 32 பிட் ஆக இருந்திருக்கும். அது `C:\Program Files (x86)` என்ற ஃபோல்டரில் இருந்திருக்கும். தம்பி போட்டது 64 பிட். அது `C:\Program Files` ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கிறது. மனிதக் கண்ணுக்கு இது அதே நிரல். தண்டர்பேர்டின் கண்ணுக்கு இது புது வீட்டில் குடியேறிய வேறு நிரல். பழைய ப்ரொஃபைலைக் கடைசியாகப் பயன்படுத்தியது வேறு இடத்தில் இருந்த நிரல் என்று அந்த ஃபோல்டருக்குள்ளேயே `compatibility.ini` கோப்பில் குறிப்பு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இது என்னுடையதல்ல என்று ஒதுங்கி, தனக்கென்று புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டது. அதே பழைய ஃபோல்டரிலேயே மறுபடி நிறுவியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

ஆகவே பழைய மெயில்களை எங்கும் நகர்த்தத் தேவையில்லை. இந்த நிரலுக்கு உன் ப்ரொஃபைல் இது என்று சுட்டிக்காட்டினால் போதும். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: மெயில் கணக்கு, மெயில்களைக் கணினிக்கு இறக்கிவைக்கும் பாப் முறையா, சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப் முறையா? Account Settings-இல் Server Settings பக்கத்தில் முதல் வரியில் Server Type என்று இருக்கும்.

---

மயிலை வாசகி | வியாழன், காலை 10.50

ஐமேப் என்றால் எல்லாம் சர்வரிலேயே இருக்குமே. இவ்வளவு அலைச்சல் எதற்கு? புதிய ப்ரொஃபைலிலேயே மூன்று ஃபோல்டர்களும் தானாக வந்திருக்கவேண்டும்.

---

வரவேற்பு மேசை, மேற்கு மாம்பலம் | வியாழன், பகல் 1.40

Server Type வரியில் POP Mail Server என்று இருக்கிறது. அதே பக்கத்தில் கீழே, Leave messages on server என்பதற்கும், அதிகபட்சம் 14 நாள் என்பதற்கும், நான் அழிக்கும்வரை என்பதற்கும் டிக் இருக்கிறது. இவற்றை நான் வைக்கவில்லை.

---

ரிச்சி தெரு பழையவர் | வியாழன், பகல் 2.25

புதிதாகப் பாப் கணக்கு சேர்க்கும்போது தண்டர்பேர்டு தானாகவே வைக்கும் அமைப்பு அது. இரண்டு வாரத்து மெயில்கள் மட்டும் வந்ததற்கும் அதுதான் விளக்கம்: பழைய ப்ரொஃபைலிலும் அதே அமைப்புதான் இருந்திருக்கவேண்டும்; 14 நாளுக்கு முந்திய மெயில்களை அது சர்வரிலிருந்து நீக்கியிருக்கும். அவை இப்போது உலகத்திலேயே அந்த 6.2 ஜிபி ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கின்றன. அதனால்தான் எதையும் தொடுமுன் நகல் எடுத்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

இதில் அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. எந்தெந்த மெயிலை ஏற்கெனவே இறக்கிவிட்டோம் என்று ஒவ்வொரு ப்ரொஃபைலும் `popstate.dat` என்ற கோப்பில் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கும். பழைய ப்ரொஃபைலின் கணக்கு சனிக்கிழமையோடு நிற்கிறது. அதைத் திறந்தவுடன், திங்கள் முதல் வந்த மெயில்கள் சர்வரில் இன்னும் இருப்பதால், அவற்றை மட்டும் அது மறுபடி இறக்கிக்கொள்ளும், பழையவை இரட்டிப்பாகா. வராமல் போகக்கூடியவை இரண்டு வகைதான். ஒன்று, நீங்கள் அனுப்பிய பதில்கள். பாப் முறையில் தண்டர்பேர்டு அவற்றின் நகலைச் சர்வரில் வைப்பதில்லை. இன்னொன்று, நீங்கள் அழித்தவை. ‘நான் அழிக்கும்வரை’ என்று டிக் இருப்பதால் சர்வரிலும் அழிந்திருக்கும். புதிய ப்ரொஃபைலின் Trash ஃபோல்டரைக் காலி செய்யாமல் வையுங்கள்.

செய்யவேண்டியது இது. தண்டர்பேர்டை மூடுங்கள். விண்டோஸ் பொத்தானோடு R-ஐ அழுத்தி வரும் பெட்டியில் `%APPDATA%` என்று தட்டினால் திறக்கும் இடத்தில் Thunderbird என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுமையாக வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். 6 ஜிபி என்பதால் சற்று நேரமாகும், பாதியில் பிடுங்காதீர்கள். பிறகு அதே R பெட்டியில்:

```
thunderbird.exe -P
```

என்று தட்டினால் ப்ரொஃபைல்களின் பட்டியல் வரும். `default`, `default-release` என்று இரண்டு பெயர்கள் இருக்கும். `default` என்பதைத் தேர்ந்து திறந்தால் உங்கள் மூன்று ஃபோல்டர்களும் வரவேண்டும். கேட்காமல் இதையே திறக்கவேண்டும் என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். அந்தத் திரையில் Delete Profile என்ற பொத்தானும் இருக்கிறது. அதன் பக்கம் போகவே வேண்டாம்.

---

சர்வீஸ் தம்பி | வியாழன், இரவு 8.10

அக்கா, கடிதத்தையும் இங்கே நடந்த பேச்சையும் இப்போதுதான் பார்த்தேன். பெரியவரை இருபது நிமிடம் நிற்கவைத்தது என் தவறு. நிறுவியபின் ஒருமுறை திறந்து காட்டிவிட்டுப் போயிருக்கவேண்டும். பழையவர் ஐயா ஊகித்தது சரிதான். பழையது x86 ஃபோல்டரில் 32 பிட் ஆகத்தான் இருந்தது. உறைந்து நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று எண்ணி, வேண்டுமென்றே 64 பிட் போட்டேன். ப்ரொஃபைல் அப்படியே தொடரும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்; சென்ற முறைகளில் இடம் மாறாமல் நிறுவியதால் தொடர்ந்திருக்கிறது.

அனுப்பிய மெயில்களைக் கொண்டுவர நீங்கள் முயல வேண்டாம். சனிக்கிழமை நானே வந்து செய்கிறேன். நகலையும் ப்ரொஃபைல் மாற்றுவதையும் நாளைக் காலை நாம் தொலைபேசியில் சேர்ந்து செய்யலாம்.

---

மயிலை வாசகி | வியாழன், இரவு 8.45

பாப் என்று தெரிந்தபின் நான் முன்பு சொன்னது பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் வேறொரு கவலை. நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் அடங்கிய 6 ஜிபி ஃபோல்டரைப் பூட்டு எதுவும் இல்லாத ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைப்பது சரியா? அது மேசை இழுப்பறையில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து இன்னொரு கணினியில் செருகினால் எல்லாவற்றையும் வாசிக்கலாம். தண்டர்பேர்டு மெயில்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத்தான் வைத்திருக்கிறது.

---

ரிச்சி தெரு பழையவர் | வியாழன், இரவு 9.15

நியாயமான கவலை. ஆனால் நகல் இல்லாமல் கைவைப்பது அதைவிட ஆபத்து என்பது என் எண்ணம். வேலை முடிந்த ஒரு வாரத்தில் அந்த நகலை அழித்துவிடலாம்.

---

மயிலை வாசகி | வியாழன், இரவு 9.30

ஒரு வாரத்தில் அழித்துவிட்டால், அந்தக் கணினியின் டிஸ்க் போகும் நாளில் 9 ஆண்டு மெயிலும் சேர்ந்து போகும். பூட்டி வைத்த நகல் ஒன்று நிரந்தரமாகவே வேண்டும் என்பேன்.

---

வரவேற்பு மேசை, மேற்கு மாம்பலம் | சனி, இரவு 9.40

வெள்ளிக்கிழமை காலை தம்பி தொலைபேசியில் இருக்க, நான் நகலெடுத்து ப்ரொஃபைலை மாற்றினேன். இடப்பக்கத்தில் மூன்று ஃபோல்டர்களும் வரிசையாக வந்து நின்றபோது, முதல் வேலையாக ‘லேப் ரிப்போர்ட்’ ஃபோல்டரில் அந்தப் பெரியவரின் பெயரைத் தேடினேன். ஜனவரி மட்டுமல்ல, அதற்கு முந்திய மூன்று ரிப்போர்ட்டுகளும் இருந்தன. பழையவர் ஐயா சொன்னபடியே, திங்கள் முதல் வந்த மெயில்கள் தாமாக இறங்கின, ஒன்றுகூட இரண்டாகவில்லை.

இன்று மாலை தம்பி வந்து, தண்டர்பேர்டை மூடிவிட்டு, புதிய ப்ரொஃபைலின் Mail ஃபோல்டருக்குள் சர்வர் பெயரில் இருந்த ஃபோல்டரிலிருந்து, பின்னொட்டு எதுவும் இல்லாத `Sent` கோப்பை மட்டும் நகலெடுத்தார். அருகில் இருந்த `Sent.msf` வெறும் அட்டவணைதான், அது தானாக உருவாகும் என்று சொல்லி, அதை விட்டுவிட்டார். நகலுக்கு `Sent-3naal` என்று பெயர் மாற்றி, பழைய ப்ரொஃபைலின் `Mail\Local Folders` என்ற இடத்தில் வைத்தார். திறந்தவுடன் Local Folders-இன் கீழ் அது ஒரு தனி ஃபோல்டராக வந்தது. உள்ளே நான் அனுப்பிய 17 பதில்களும் இருந்தன. எல்லாவற்றையும் தேர்ந்து, வழக்கமான Sent ஃபோல்டருக்கு இழுத்துவிட்டேன். `Trash` கோப்பையும் அதே முறையில் கொண்டுவந்தோம். நான் அழித்த நான்கில் ஒன்று, அச்செடுத்தபின் நான் நீக்கிய ஒரு லேப் ரிப்போர்ட்.

மெயில் உறைந்து நிற்பது நின்றுவிட்டதா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. இன்று மாலையும் ஒருமுறை அரை நிமிடம் அசையாமல் நின்றது. தம்பி இன்பாக்ஸ் கோப்பின் அளவைப் பார்த்துவிட்டு, அது மட்டும் 3 ஜிபியைத் தாண்டியிருக்கிறது, அழித்தவையும் Compact செய்யும்வரை அதிலேயே கிடக்கும், அடுத்த சனிக்கிழமை நகலைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்து பார்ப்போம் என்றார். அதனால் ஹார்ட் டிஸ்க் அதுவரை டாக்டரின் அறையில் பூட்டிய அலமாரியில் இருக்கும். அதன்பின் அழிப்பதா, பாஸ்வேர்டு போட்டு வைப்பதா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

---

பயண அலுவலகம், எழும்பூர் | ஞாயிறு, காலை 8.05

அம்மாவுக்குச் சரியானதில் மகிழ்ச்சி. எங்கள் அவுட்லுக்கில் இன்றும் பழைய மேலாளர்தான் திறக்கிறார். தனி இழையாக எழுதட்டுமா?

---

ரிச்சி தெரு பழையவர் | ஞாயிறு, காலை 9.10

தனியாக எழுதுங்கள் ஐயா. எழுதும்போது டெஸ்க்டாப்பில் நீங்கள் அழுத்தும் ஐகானை வலது கிளிக் செய்து, Properties-இல் Target என்ற வரியில் உள்ளதை முழுவதுமாக எடுத்து எழுதுங்கள். அங்கே `/profile` என்று தொடங்கி யாராவது ஒரு பெயரைச் சேர்த்து வைத்திருந்தால், கண்ட்ரோல் பேனலில் எதை மாற்றினாலும் அந்த ஐகான் அந்தப் பெயரைத்தான் திறக்கும்.